ஒருவருக்கு ஒரு ‘கள்’

திருவண்ணாமலை செங்கம் சாலையில் சேஷாத்ரி சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1929-இல் மறைந்தவர் ஒரே ஒருவர்தான். பெயரில் மட்டும் ‘கள்’.

இந்தக் ‘கள்’ஐத் தொல்காப்பியர் அஃறிணைக்கே வைத்தார். மனிதருக்கு ‘அர்’, ‘மார்’ போன்றவை இருந்தன. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அன்று என்றும் சொல்லிப் பார்த்தார். வழக்கு கேட்குமா? ‘அவர்’ மரியாதை ஒருமையாக மாற மாற, பலரைக் குறிக்க வேறு அடையாளம் தேவைப்பட்டது. ‘அர்’ மேல் ‘கள்’ ஏறியது. திருக்குறளிலேயே ‘பூரியர்கள்’ உண்டு. பிறகு அந்தக் ‘கள்’ளும் மரியாதைக்குப் போயிற்று: ‘கலெக்டர் அவர்கள்’.

ஆங்கிலத்தில் ‘நியூஸ்’ என்பதும் பன்மை உருவில் ஒருமைதான், ஆனால் வந்த வழி வேறு. ‘நியூ’ என்ற பெயரடையைப் பன்மையாக்கி, ‘புதியவை’ என்ற பொருளில் எடுத்தார்கள். பல காலம் அதைப் பன்மையாகவும் ஒருமையாகவும் ஆண்டு, கடைசியில் ஒருமையில் நிலைத்தார்கள். ‘பிசிக்ஸ்’ கிரேக்கத்தில் ‘இயற்கை சார்ந்தவை’ என்ற பன்மை. ஆங்கிலத்தில் ஒரு படிப்பின் பெயராகிவிட்டதால் ‘இஸ்’ போதும். ஈற்றில் ‘ஸ்’ நிற்கிறதே என்று ‘ஆர்’ போடும் நம் பிள்ளைகள் சொல்லின் பழைய வரலாற்றுக்கு வினை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தமிழ்ப் பேச்சில் அந்தச் சிக்கலே எழாது. ‘நாலு பஸ் வந்துச்சு’ என்போம். அஃறிணையில் எண்ணை வினை கண்டுகொள்வதில்லை.

ஆனால் உயர்திணையில் கண்டுகொள்ளும். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் செய்தி எழுதுபவர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘பக்தர்கள் கூட்டம் கிரிவலம் வந்தனர்’ என்று எழுதிவிடுவார். பக்தர்கள் உயர்திணை, கூட்டமோ அஃறிணை ஒருமை. வினை கூட்டத்துக்கே உரியது. ‘கூட்டம் வந்தது’ என்றோ ‘பக்தர்கள் கூட்டமாக வந்தனர்’ என்றோ இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘டீம்’, ‘கமிட்டி’ போன்றவற்றுக்குப் பிரிட்டிஷார் சில வேளை பன்மை வினை தருவார்கள். தமிழ் எழுத்து வழக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

‘எண்ணிக்கை’யும் அப்படியே. ‘பக்தர்களின் எண்ணிக்கை கூடியது’ என்பதில் கூடியது எண், பக்தர்கள் அல்லர். ‘த நம்பர் ஆஃப்’ இதுதான், ஒருமை. ‘எ நம்பர் ஆஃப் பில்கிரிம்ஸ்’ என்றால் ‘பக்தர்கள் பலர்’, வினையும் பன்மை. சந்தேகம் வந்தால் ‘எண்ணிக்கை’ இருக்கும் இடத்தில் ‘பலர்’ போட்டுப் பாருங்கள். ‘பக்தர்களின் பலர் கூடியது’ என்று வாக்கியம் உடைந்தால் அங்கே எண்ணிக்கைதான் எழுவாய்.

‘பக்தர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தனர்’ என்பதில் மட்டும் எண்ணிக்கை ஒதுங்கி நிற்கிறது. ‘இல்’ வேற்றுமை ஏறிய சொல் எழுவாயாகாது; வினை பக்தர்களைத் தேடிப் போய்விடும்.