கை நடுங்கல, படபடப்பும் இல்ல... ஆனா சுகர் 48! பீட்டா பிளாக்கர் மாத்திரை 'லோ சுகர்' அறிகுறிகளை மறைப்பது எப்படி?

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு டாக்டர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று இது: "கை நடுங்கினால், நெஞ்சு படபடத்தால் சுகர் இறங்குதுன்னு அர்த்தம். உடனே இனிப்பு சாப்பிடுங்க."

பலரும் இந்த இரண்டு அறிகுறிகளை வைத்துத்தான் 'லோ சுகர்' வந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் பிபி, இதயப் பிரச்னை, ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம் போன்றவற்றுக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் இந்த இரண்டையும் மறைத்துவிடக் கூடும். சுகர் இறங்கும், ஆனால் இறங்குவது தெரியாது.

அப்படியானால் இந்த மாத்திரை எடுப்பவர்கள் எதை வைத்து லோ சுகரைக் கண்டுபிடிப்பது? பார்க்கலாம்.

சுகர் இறங்கினால் கை ஏன் நடுங்குகிறது?

ரத்தத்தில் சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதை லோ சுகர் என்கிறார்கள். 54-க்குக் கீழே போனால் அது ஆபத்தான அளவு. மூளை இயங்குவதற்குக் குளுக்கோஸ் தொடர்ந்து தேவை என்பதால், அளவு குறைய ஆரம்பித்ததுமே உடம்பு உஷாராகிறது.

அப்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை வெளியே விடச் சொல்கிறது. கூடவே இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, கைகளை நடுங்க வைக்கிறது. அதாவது நடுக்கமும் படபடப்பும் சுகர் குறைந்ததால் நேரடியாக வருபவை அல்ல. சுகர் குறைந்ததைப் பார்த்து அட்ரினலின் அடிக்கும் அலாரம் அது.

அட்ரினலின் இந்த வேலையைச் செய்ய, இதயத்திலும் தசையிலும் இருக்கும் 'பீட்டா' ஏற்பிகளில் போய் ஒட்ட வேண்டும். பூட்டுக்குள் சாவி நுழைவது மாதிரி. பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்தப் பூட்டின் வாயை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. இதயம் நிதானமாகத் துடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாத்திரையே தரப்படுகிறது. ஆனால் சுகர் இறங்கும் நேரத்திலும் அது அதே வேலையைத்தான் செய்யும். அட்ரினலின் சுரந்தாலும் அலாரம் சரியாகக் கேட்காது.

ஆனால் வியர்வை நிற்காது!

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. லோ சுகரில் வரும் வியர்வை இந்தப் பீட்டா பூட்டு வழியாக வருவதில்லை. வியர்வைச் சுரப்பிகளுக்கு உத்தரவு போடும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதனால் பீட்டா பிளாக்கர் எடுத்தாலும் வியர்வை வரும். சிலருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே கொட்டும். திடீர்ப் பசியும் பெரும்பாலும் மறையாது.

அதேபோல, மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் வரும் அறிகுறிகளையும் இந்த மாத்திரையால் மறைக்க முடியாது. பேச்சு குழறுவது, கணக்குத் தப்புவது, பார்வை மங்குவது, காரணமில்லாமல் எரிச்சல்படுவது, தள்ளாடுவது எல்லாம் இதில் சேரும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த அறிகுறிகள் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அவை வரும்போது, தனக்கு என்ன ஆகிறது என்று யோசிக்கும் நிலையிலேயே அவர் இருக்க மாட்டார்.

ஒரு உதாரணம்

புரிந்துகொள்வதற்காக 64 வயதான ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். 12 வருடமாக சுகர். காலையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், அதோடு மெட்ஃபார்மின். இதற்கு முன்பு இரண்டு மூன்று முறை சுகர் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கை நடுங்கியதும் பிஸ்கட் சாப்பிட்டுச் சமாளித்திருக்கிறார்.

சில மாதங்களாகக் கையெழுத்துப் போடும்போது கை ஆடுகிறது என்று வேறொரு டாக்டரிடம் போகிறார். அவர் புரோப்ரனோலால் 40 மில்லிகிராம் மாத்திரையைக் காலை, இரவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கை ஆடுவது குறைகிறது. சுகர் மாத்திரை எடுப்பதை அவர் அங்கே சொல்லவில்லை.

கிருத்திகை அன்று காலை 7.30-க்கு எல்லா மாத்திரைகளையும் போட்டுவிட்டு, 'வந்து சாப்பிட்டுக்கலாம்' என்று கோயிலுக்குக் கிளம்புகிறார். வரிசை நீளம். 10.45-க்குத்தான் ஆட்டோவில் வீடு திரும்புகிறார். 80 ரூபாய் ஆட்டோவுக்கு 500 ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் உள்ளே வருகிறார்.

"என்னங்க, மீதிக் காசு வாங்கலையா? சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?" என்கிறார் மனைவி.

"வெயில்... வெயில்தான்," என்று மெதுவாக இழுக்கிறார் அவர். கை நடுங்கவில்லை. மகன் அவர் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்க்கிறார். இதயத் துடிப்பு 66. "ஹார்ட் பீட் நார்மலாத்தாம்மா இருக்கு, கொஞ்சம் படுக்கட்டும்," என்கிறார்.

இந்த இடத்தில்தான் ஆபத்து. படுக்க விட்டிருந்தால் அப்படியே மயக்கத்துக்குப் போயிருக்கலாம். மனைவி சந்தேகப்பட்டு குளுக்கோமீட்டரில் பார்க்கிறார். 48!

3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறார்கள். 15 நிமிடம் கழித்து 63. இன்னொரு முறை அதே அளவு. அடுத்த 15 நிமிடத்தில் 88. பேச்சு தெளிவானதும் இட்லி சாப்பிட வைத்து, டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள்.

இந்த உதாரணத்தில் சுகரை இறக்கியது கிளிமிபிரைடும் வெறும் வயிறும்தான். அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கியது புரோப்ரனோலால். நார்மலான இதயத் துடிப்பு எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. காட்டிக்கொடுத்தவை இரண்டு விஷயங்கள்: நனைந்த சட்டையும், வாங்க மறந்த மீதிக் காசும்.

எல்லா பீட்டா பிளாக்கரும் ஒன்றா?

இல்லை. புரோப்ரனோலால் போன்றவை உடம்பில் இருக்கும் பீட்டா-1, பீட்டா-2 என்ற இரண்டு வகைப் பூட்டுகளையும் அடைப்பவை. நடுக்கத்தைத் தூண்டுவதும், கல்லீரலில் இருந்து சர்க்கரையை வெளியேற்றுவதும் பெரும்பாலும் பீட்டா-2 வழியாக நடக்கின்றன. அதனால் இந்த வகை மாத்திரைகள் அறிகுறியை மறைப்பதோடு, இறங்கிய சுகர் மறுபடி ஏறுவதையும் தாமதப்படுத்தலாம். இன்சுலின் எடுப்பவர்களுக்கு இது கூடுதல் சிக்கல்.

மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பிசோப்ரோலால், நெபிவோலால் போன்றவை முக்கியமாக இதயத்தில் இருக்கும் பீட்டா-1 பூட்டை மட்டும் குறிவைப்பவை. இவற்றில் படபடப்பு குறைவாகத் தெரியலாம், ஆனால் மற்ற பாதிப்புகள் குறைவு. பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வின் 1998-ம் ஆண்டு முடிவுகளில், அட்டெனோலால் எடுத்தவர்களுக்கும் கேப்டோப்ரில் என்ற வேறு வகை பிபி மாத்திரை எடுத்தவர்களுக்கும் லோ சுகர் வந்த விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் டோஸ் கூடக் கூட, 'பீட்டா-1 மட்டும்' என்ற இந்தப் பாகுபாடு குறைந்துகொண்டே போகும்.

பெயர் 'லால்' என்று முடிந்தால் அது பீட்டா பிளாக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இந்தக் குடும்பம்தான். கண்ணில் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும் என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

யாருக்குக் கவனம் தேவை?

இன்சுலின் எடுப்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும்தான் இது முக்கியம். ஏனென்றால் சுகரை அளவுக்கு மீறி இறக்கக் கூடியவை இவைதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம்.

பல வருடமாக சுகர் இருந்து, அடிக்கடி லோ சுகர் வருபவர்களுக்கு அலாரம் ஏற்கெனவே மங்கியிருக்கும். அவர்களுக்குப் பீட்டா பிளாக்கரும் சேர்ந்தால் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை வந்தால், வெயில் என்றோ புழுக்கம் என்றோ நினைக்காமல் முதலில் சுகரைப் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு இனிப்பு கொடுங்கள். இரவில் தலையணை, பனியன் நனைவதும் காலையில் தலைவலியோடு எழுவதும் கூட, தூக்கத்தில் சுகர் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. படபடப்பு நின்றதா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. மீட்டர் காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த சுகர் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் வைத்திருப்பது அவசியம். இந்த மருந்துகள் சாதாரண சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவதால், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சுகர் மெதுவாகத்தான் ஏறும்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-க்கு அழையுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரைகளின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். அதனால் தெளிந்த பிறகும் சுகர் மறுபடி இறங்கலாம். 'சரியாயிடுச்சு' என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பும் பிபியும் எகிறும். இதய நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு கூட வரலாம். டாக்டர்தான் டோஸைப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது பீட்டா-1 வகைக்கு மாற்றுவார். சில நேரம் பீட்டா பிளாக்கரை அப்படியே வைத்துக்கொண்டு, லோ சுகர் வராத வேறு சுகர் மருந்துக்கு மாற்றுவதும் உண்டு.

அதற்கு அவருக்கு முழு விவரம் தெரிய வேண்டும். அடுத்த முறை இதய டாக்டரிடமோ, நரம்பியல் டாக்டரிடமோ, கண் டாக்டரிடமோ போகும்போது சுகர் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லி வையுங்கள்: "எனக்குக் கை நடுங்காது. வியர்த்தாலோ, பேச்சு மாறினாலோ சுகர் பாருங்க."

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. மருந்தில் எந்த மாற்றமும் உங்கள் டாக்டரின் ஆலோசனைப்படியே செய்ய வேண்டும்.)