முதல் நாள் முதல் காட்சியும் திரைப்பட ஏற்பும்: ‘பாபா’வை முன்வைத்து

முன்னுரை

ஒரு நாடகத்தையோ நாவலையோ அதன் காலத்து மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்று அறிய மதிப்புரை, மறுபதிப்பு, கடிதம் போன்ற சான்றுகள் துணை செய்கின்றன. திரைப்படத்திற்கு இவற்றுடன் வேறொரு சான்றும் உண்டு. படம் வெளியாகும் நாளில் திரையரங்கில் எழும் ஆரவாரமே அது. தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்த ஆரவாரத்தைப் படத்தின் வெற்றிக்கு முதற்சான்றாகக் கொள்கின்றனர். ஆயின் முதல் நாள் ஒலிக்கும் கைதட்டல் படத்தைப் பார்த்தபின் எழுவதா, பார்க்குமுன்பே எழுவதா என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. ரஜினிகாந்த் நடித்து 2002 ஆகஸ்டு 15 அன்று வெளியான ‘பாபா’ படத்தைக் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் காட்சியின் அமைப்பு

முதல் காட்சிக்கு வருவோர் பொதுவான பார்வையாளர் அல்லர் என்பதை முதலில் கருத வேண்டும். நட்சத்திர நடிகரின் படம் வெளியாகும்போது அவ்வூர் ரசிகர் மன்றத்தினர் திரையரங்கு உரிமையாளரை முன்கூட்டியே அணுகி, முதற்காட்சிக்கான நுழைவுச்சீட்டுகளை மொத்தமாகப் பெற்றுக்கொள்வது வழக்கம். இது ‘மன்றக் காட்சி’ அல்லது ‘ரசிகர் காட்சி’ எனப்படும். மன்றத்தார் அச்சீட்டுகளைத் தம் உறுப்பினரிடையே பகிர்ந்தளிப்பர். பலவிடங்களில் அவை குறித்த விலைக்கு மேல் விற்கப்பட்டன. அவ்வாறு கிடைக்கும் மிகைத்தொகை தோரணம், வெடி, கட்அவுட், இனிப்பு ஆகியவற்றிற்கும் சில ஊர்களில் நற்பணிகளுக்கும் செலவாயிற்று. ஆக, அந்த அரங்கில் அமர்ந்திருப்போர் படம் எப்படியிருக்கும் என்று அறிய வந்தவர்கள் அல்லர். ஒரு விழாவை நடத்த வந்தவர்கள்.

அவ்விழாவுக்கென ஒரு முறைவைப்பும் இருந்தது. படச்சுருள் வழக்கிலிருந்த காலத்தில் ‘படப்பெட்டி’யின் வருகையே அதன் தொடக்கம். தகரப் பெட்டிகளில் வரும் சுருள்களை மன்றத்தார் ஊர் எல்லையிலோ பேருந்து நிலையத்திலோ எதிர்கொண்டு, மாலையிட்டு, கற்பூரம் காட்டி, மேளத்துடன் ஊர்வலமாகக் கொண்டுவருவர். அரங்கின் முன்னே நிற்கும் கட்அவுட்டுக்குப் பாலபிஷேகம் நடக்கும், பூசணிக்காய் உடைபடும். உள்ளே நாயகனின் பெயர் திரையில் தோன்றும்போதும், அவன் முகம் முதன்முறை காட்டப்படும்போதும், அறிமுகப் பாடலின்போதும் காகிதத் துணுக்குகள் பறக்கும், விசில் ஒலிக்கும், திரைக்கு முன் கற்பூரம் ஏற்றப்படும். சில அரங்குகளில் ரசிகர் வேண்டுகோளுக்கு இணங்க அறிமுகப் பாடலை இயக்குநர் அறையில் இருப்பவர் மீண்டும் ஓட்டியதும் உண்டு.

இவ்விழாவின் உச்சங்கள் அனைத்தும் படத்தின் முற்பகுதியில் அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. பெயர், முகம், பாடல், முதல் வசனம் ஆகிய நான்கும் ஏறத்தாழ முதல் அரைமணி நேரத்திற்குள் நிகழ்ந்துவிடுகின்றன. இவற்றுக்கு எழும் ஆரவாரம் கதையைப் பற்றிய தீர்ப்பாக இருக்க இயலாது. ஏனெனில் கதை இன்னும் தொடங்கவில்லை. முதல் நாள் ஏற்பைக் கணிக்க விரும்பும் ஆய்வாளர் செவிசாய்க்க வேண்டியது தொடக்கத்தின் ஒலிக்கன்று. இடைவேளைக்குப் பிந்தைய அமைதிக்கே ஆகும்.

‘பாபா’ வெளியான சூழல்

‘படையப்பா’ 1999 ஏப்ரல் 10 அன்று வெளியானது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேல் ரஜினிகாந்த் நாயகனாக நடித்த படம் எதுவும் தமிழில் வரவில்லை. இந்த இடைவெளி எதிர்பார்ப்பை வளர்த்தது. 1996 சட்டமன்றத் தேர்தலின்போது அவர் அன்றைய ஆளுங்கட்சிக்கு எதிராகக் கருத்துத் தெரிவித்ததிலிருந்து, அவர் அரசியலுக்கு வருவார் என்ற நம்பிக்கை ரசிகரிடையே வேரூன்றியிருந்தது. ‘பாபா’வின் கதை, திரைக்கதை, தயாரிப்பு ஆகியவற்றை அவரே ஏற்றதால், அந்நம்பிக்கைக்குப் படம் விடையளிக்கும் என்று கருதப்பட்டது. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், ஏ. ஆர். ரகுமான் இசை என்ற இணைப்பும் வணிக மதிப்பை உயர்த்தியது. படத்தில் நாயகன் காட்டும் விரல் முத்திரையும் அணியும் தலைத்துணியும் படம் வருமுன்பே ரசிகரிடையே பரவிவிட்டன.

மறுபுறம், படத்தில் புகைபிடிக்கும் காட்சிகள் இளைஞரைக் கெடுக்கும் என்று பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ச. இராமதாசு கண்டித்தார். வெளியீட்டையொட்டி அக்கட்சியினர் செல்வாக்குப் பெற்றிருந்த வடமாவட்டங்களில் சில அரங்குகள் தாக்கப்பட்டன, படப்பெட்டிகளும் பறிக்கப்பட்டன. ரசிகர் மாலையிட்டு வரவேற்கும் அதே பெட்டியை எதிர்ப்பாளர் தம் இலக்காகத் தேர்ந்தமை பொருள் பொதிந்தது. பெட்டி வெறும் சுருளாக இல்லாமல் நடிகரின் உருவமாகவே இருதரப்பாராலும் கொள்ளப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

வணிகத்தின் கணக்கு

முதல் நாள் ஆரவாரம் ஒரு பண்பாட்டு நிகழ்வு மட்டுமன்று. அது வணிக ஏற்பாட்டின் ஓர் உறுப்புமாகும். தமிழகம் சென்னை, செங்கற்பட்டு உள்ளிட்ட வட்டாரம், கோவை, மதுரை, திருச்சி-தஞ்சை, சேலம், நெல்லை எனப் பல விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரிய நடிகரின் படத்தை ஒரு பகுதிக்கு வாங்கும் விநியோகஸ்தர், வசூல் எவ்வாறாயினும் குறைந்தது இவ்வளவு தருவேன் என்று தயாரிப்பாளருக்கு உறுதியளிக்கிறார். வணிக வழக்கில் இது ‘எம்.ஜி.’ எனப்படும். அவர் அதே முறையிலோ முன்பணமாகவோ அத்தொகையை அரங்கு உரிமையாளரிடமிருந்து பெறுகிறார். படம் எவராலும் பார்க்கப்படுமுன்பே பணம் கைமாறிவிடுகிறது. அத்தொகையை நிர்ணயிப்பது முந்தைய படத்தின் வெற்றியும் ரசிகரின் முன்னார்வமுமேயன்றிப் படத்தின் தரமன்று.

இவ்வேற்பாட்டில் முதல் மூன்று நாள்களின் நிறைந்த காட்சிகள் போதா. ரசிகர் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும் அது ஓர் எல்லைக்கு உட்பட்டதே. அவர்கள் மீண்டும் மீண்டும் வரவேண்டும். அவர்களுக்குப் பின் ‘தாய்க்குலம்’ எனத் திரையுலகம் குறிப்பிடும் பெண்களும் குடும்பத்தினரும் வரவேண்டும். எனவே ஏற்பை அறிய உதவும் சான்று முதல் நாளின் கூட்டமன்று. வேலைநாள்களின் பகற்காட்சியும் பெண்கள் வரிசையும் இரண்டாம் வாரத்தின் தினசரி வசூல் அறிக்கையுமே ஆகும்.

‘பாபா’வின் வீழ்ச்சி இவ்விடத்தில்தான் நிகழ்ந்தது. முதல் நாள் விழாவுக்குக் குறைவில்லை. ஆயின் நாத்திகனான நாயகன் இமயமலையில் மகாவதார் பாபாஜியிடம் ஏழு மந்திரங்களைப் பெறும் ஆன்மிகக் கதை, சண்டையும் நகையும் அரசியற் குறிப்பும் எதிர்நோக்கி வந்த ரசிகருக்கே அந்நியமாகப்பட்டது. மீண்டும் வருவோர் குறைந்தனர். குடும்பத்தார் வரவு எதிர்பார்த்த அளவு அமையவில்லை. வாங்கியோர் இழப்புக்கு உள்ளாயினர். பின்னர் ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்கும் அரங்கு உரிமையாளர்களுக்கும் இழப்பின் ஒரு பகுதியைத் திருப்பியளித்தார். சட்டப்படி எம்.ஜி. முறையில் இழப்பு வாங்கியவரையே சாரும். அத்தொகையைத் திருப்பித் தந்தமை, முதல் நாள் ஆரவாரத்தின்மேல் விலை வைக்கப்பட்டிருந்ததை நடிகரே மறைமுகமாக ஒப்புக்கொண்ட செயல் எனலாம். 2014 டிசம்பர் 12 அன்று வெளியான ‘லிங்கா’வுக்குப் பின் விநியோகஸ்தர்கள் இழப்பீடு கோரி உண்ணாநோன்பு மேற்கொண்டபோது, ‘பாபா’ நிகழ்வு ஒரு முன்மாதிரியாகவே நின்றது.

எதிர்ப்பினால்தான் படம் தோற்றது என்ற விளக்கம் முழுமையானதன்று. எதிர்ப்புச் செயல்கள் பெரிதும் வடமாவட்டங்களிலேயே நிகழ்ந்தன. வீழ்ச்சியோ மற்றப் பகுதிகளிலும் காணப்பட்டது. அதேபோல் ரசிகர் எதையும் கொண்டாடுவர் என்ற கருத்தும் பொருந்தாது. தெலுங்கு ரசிகர் மன்றங்களை ஆய்ந்த எஸ். வி. சீனிவாஸ், ரசிகரின் பக்தி நிபந்தனைக்கு உட்பட்டது என்று வாதிடுகிறார். நடிகர் தமக்குரிய பாத்திரத்தை வழங்கும்வரையே அது நீடிக்கும். ‘பாபா’வின் முதல் நாளும் இரண்டாம் வாரமும் இக்கருத்தின் இருபக்கங்களாக அமைகின்றன. 2005 ஏப்ரல் 14 அன்று வெளியான ‘சந்திரமுகி’ இதற்கு மாற்றுச் சான்று. நாயகன் கதையின் மையத்திலிருந்து பலவிடங்களில் விலகி நிற்கும் அப்படத்தைக் குடும்பத்தார் ஏற்றனர். சென்னை சாந்தி திரையரங்கில் அது 800 நாள்களுக்கு மேல் ஓடியது. முதல் நாள் விழா இரு படங்களுக்கும் பொது. வேறுபடுத்தியது பின்வந்த பார்வையாளரே.

பிற்கால மாற்றங்கள்

எண்மத் திரையிடல் வந்தபின் படப்பெட்டி ஊர்வலம் மறைந்தது. விழா நேரத்தை நோக்கி நகர்ந்தது. அதிகாலை 4 மணிக்கும் அதற்கு முன்னும் சிறப்புக் காட்சிகள் பெருகின. 2023 சனவரி 11 அன்று ‘துணிவு’ வெளியானபோது சென்னைத் திரையரங்கு ஒன்றின் முன் கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவ்வாண்டு அக்டோபர் 19 அன்று வெளியான ‘லியோ’வுக்கு அதிகாலைக் காட்சி மறுக்கப்பட்டு, காலை 9 மணிக்கே முதற்காட்சி தொடங்க அரசு இசைவளித்தது. அண்டை மாநிலங்களில் காட்சி முன்னதாகத் தொடங்கியதால், எல்லையோர ஊர்களிலிருந்து ரசிகர் அங்குச் சென்றனர்.

ஏற்பின் வேகமும் மாறியது. ‘பாபா’ காலத்தில் வார இதழ் மதிப்புரை வருமுன் வாய்மொழி பரவச் சில நாள்கள் பிடித்தன. இன்று இடைவேளையிலேயே கருத்து வெளியாகிறது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் அரங்க வளாகங்களில் முதல் நாள் பார்வையாளரிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்வதை அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. ஆரவாரத்தை விளம்பரமாக வரவேற்ற வணிகம், அதே வாயிலிலிருந்து வரும் குறையை மட்டும் தடுக்க முற்படுவதில் உள்ள முரண் எண்ணத்தக்கது.

முடிவுரை

2022 டிசம்பரில் ரஜினிகாந்த் பிறந்த நாளையொட்டி, நீளம் குறைக்கப்பட்ட வடிவில் ‘பாபா’ மீண்டும் திரையிடப்பட்டது. ரசிகர் மீண்டும் விழா எடுத்தனர். இதனைக் கொண்டு 2002இன் தீர்ப்பு தவறென்று கூறுவதும் பிழையே. ஏனெனில் இம்முறையும் அரங்கில் இருந்தோர் பெரும்பாலும் ரசிகரே. இரு முறையும் கொண்டாடப்பட்டது நடிகரே என்பது மட்டும் உறுதி. எனவே முதல் நாள் ஆரவாரத்தை ஆய்வாளர் புறக்கணிக்க வேண்டியதில்லை. அதனை எதிர்பார்ப்பின் ஆவணமாகக் கொண்டு, ஏற்பின் ஆவணத்தை அடுத்த வாரத்தில் தேடுதல் வேண்டும். இவ்விரண்டும் விலகும் இடமே அப்படத்தின் ஏற்பு வரலாறு தொடங்கும் இடமாகும்.