பெயர் மாறியதும் அறுபடும் படத்தொடர்பு: மேகச் சேமிப்பகங்களின் முகவரி முறை குறித்த ஓர் ஆய்வு

மேகச் சேமிப்பகத்தில் வைத்த ஒரு படத்தின் இணைப்பைப் பிறர்க்கு அனுப்பிய பின்னர், அப்படத்தின் பெயரை மாற்றினாலும், அதை வேறொரு கோப்புறைக்கு நகர்த்தினாலும், சில சேமிப்பகங்களில் அவ்விணைப்பு பயனற்றுப் போகிறது. வேறு சிலவற்றில் யாதொரு பங்கமுமின்றி நிலைக்கிறது. இணைப்பானது படம் இருக்கும் ஸ்தானத்தைக் குறிக்கிறதா, அல்லது படத்தையே குறிக்கிறதா என்பதைப் பொறுத்தே இவ்வேறுபாடு எழுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்விரண்டையும் பிரித்தறியும் முறை கணினி உலகுக்குப் புதியதன்று. டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்ஸனும் யூனிக்ஸ் அமைப்பைப் பற்றி 1974இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, கோப்புறை என்பது பெயரையும் அதற்குரிய ஓர் எண்ணையும் மட்டுமே தாங்கும் பட்டியல் என்பதும், கோப்பின் அளவு, உரிமையாளர் முதலிய விவரங்களெல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்தவை என்பதும் தெளிவாக விளக்கப்பட்டுள்ளன. ஆகவே பெயரை மாற்றும்போது பட்டியலின் ஒரு வரி திருத்தப்படுமேயன்றி, கோப்பின் எண் மாறுவதில்லை.

ஆனால் வலையுலகின் முகவரி, எண்ணை விடுத்துப் பெயரையே பற்றிக்கொண்டது. முகவரியில் காணும் சாய்கோடுகள் யூனிக்ஸின் கோப்புப் பாதையை ஒத்திருப்பது தற்செயலானதே என்றும், அவற்றைக் கோப்புப் பெயர்களாகக் கொள்ளலாகாது என்றும் டிம் பெர்னர்ஸ்-லீ 1994 ஜூனில் வெளியான ஆவணத்தில் எச்சரித்திருந்தபோதிலும், கோப்புறையின் அமைப்பை அப்படியே முகவரியாக்குவது எளிதாயிருந்தமையால், நடைமுறையில் அதுவே வழக்காயிற்று.

அவ்வழக்கின் விளைவை டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ‘பப்ளிக்’ கோப்புறை நன்கு புலப்படுத்துகிறது. அதனுள் வைத்த படத்தின் முகவரி பின்வரும் வடிவில் அமைந்திருந்தது:

```
https://dl.dropboxusercontent.com/u/12345/photos/house.jpg
```

பயனாளரின் எண்ணுக்குப் பின்வருவதெல்லாம் அவருடைய கணினியில் காணும் பாதையே. ஒருவர் தம் மேசைக் கணினியில் `photos` என்னும் கோப்புறையை `old-photos` என்று மாற்றினால், அம்மாற்றம் தானாகவே சேமிப்பகத்துக்கும் சென்று, அக்கோப்புறையிலிருந்த படங்கள் அனைத்தின் பழைய முகவரிகளும் ஒருசேரச் செல்லாதனவாயின. வீட்டு ஒழுங்கைத் திருத்துவதாகவே கருதியவர், தாம் பிறர்க்குக் கொடுத்த முகவரிகளையும் மாற்றுவதை உணர இடமில்லாதிருந்தது. இக்கோப்புறை வசதி 2017இல் நிறுத்தப்பட்டது.

அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 சேமிப்பகத்தில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. அதன் வழக்கமான சேமிப்புக் கலங்களில் கோப்புறை என்பதே மெய்யாக இல்லை. `photos/house.jpg` என்பது முழுவதும் ஒரே பெயர், சாய்கோடு அப்பெயரில் ஓர் எழுத்து. பெயர்தான் பொருளின் அடையாளமாதலால், அங்கே பெயர் மாற்றம் என்று நாம் சொல்வது, புதுப் பெயரில் ஒரு பிரதியெடுத்துப் பழையதை அழிப்பதேயாகும். பழைய முகவரியை நாடுவோர்க்கு `NoSuchKey` என்னும் செய்தியுடன் 404 என்ற விடை கிடைக்கும். கலத்திலுள்ளவற்றின் பட்டியலைக் காணும் உரிமை அவர்க்கில்லையேல், பொருள் உண்டா இல்லையா என்பதையும் வெளியிடாமல், `AccessDenied` என்று 403 விடை வரும். மேலும், பழைய பொருளுக்குத் தனியே அளித்திருந்த பொது அனுமதி பிரதிக்குத் தானாக வருவதில்லை. ஆதலால் முகவரியைத் திருத்தி அனுப்பிய பிறகும் படம் தோன்றாதிருக்கக் கூடும்.

2012 ஏப்ரலில் வெளிவந்த கூகுள் டிரைவ், யூனிக்ஸின் பழைய நெறியை ஒத்த வழியைக் கைக்கொண்டது. அதன் இணைப்பில் பெயரோ பாதையோ இடம்பெறுவதில்லை. கோப்புக்கென்று வழங்கிய நீண்ட அடையாளக் குறி மட்டுமே உண்டு. எனவே பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இணைப்பு கெடுவதில்லை. எனினும் நகர்த்துதல் முற்றிலும் தீங்கற்றதென்று கூற இயலாது. படத்துக்கு நேரே அனுமதி வழங்காமல், அது இருக்கும் கோப்புறைக்கு மட்டும் வழங்கியிருந்தால், அங்கிருந்து வெளியேறும் படம் அவ்வனுமதியை இழந்துவிடுகிறது. முகவரி சரியாயிருந்தும், அனுமதி கோருமாறு கூறும் பக்கமே காண்போர்முன் தோன்றுகிறது.

ஆகவே, அறுந்த இணைப்பை ஆராய்வோர் முதலில் முகவரியைப் படித்துப் பார்ப்பது நலம். அதில் கோப்பின் பெயரும் பாதையுமே அடையாளமாயிருந்தால், பழைய பெயரில் ஒரு பிரதியை மீண்டும் வைப்பதே நேரான பரிகாரம்; அடையாளக் குறி மட்டுமிருந்தால், அனுமதியைச் சோதிக்க வேண்டும். உரிமையாளரின் உலாவியில் மட்டும் படம் தெரிவதை ஆதாரமாகக் கொள்வதும் தகாது. உலாவி முன்பு சேமித்த பிரதியைக் காட்டலாம், அன்றி உரிமையாளர் என்ற முறையில் அவர்க்குள்ள அனுமதியே அதைக் காட்டலாம். கணக்கில் நுழையாத புதிய சாளரத்தில் அவ்விணைப்பைத் திறந்து பார்த்தால்தான், பிறர் காண்பது இன்னதென்பது விளங்கும்.