வெட்டுக்கிளியின் சாட்சி

சில வருஷங்களுக்கு முன்னால், திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தப்பா ஒரு காலை ஏழு மணிக்குப் போன் பண்ணினார். முந்தைய நாள் என் பேச்சைக் கேட்டு, மல்லாட்டைக் கொல்லையில் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்திருந்தார். "தம்பி, நீ சொன்ன மருந்தைக் குடிச்சிட்டுப் புழுவெல்லாம் தெம்பா சுத்துது, வந்து பாரு" என்றார். மூன்றாம் நாள் கடையில் விஷ மருந்து வாங்கி அடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும், "வேப்பங்கொட்டை மாதிரிதானே?" என்று கேட்பார்.

எங்கே தப்பு நடந்தது என்று தேடப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன். வேம்பு பூச்சியைக் கொல்லும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் வேம்பை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்கள் பார்த்தது சாவை அல்ல. பட்டினியை.

1959இல் சூடானில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கியது. ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் அப்போது அங்கே இருந்தார். சுற்றிலும் பச்சை என்று எதுவும் மிஞ்சாத இடத்தில் வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றன. வெட்டுக்கிளிகள் அவற்றின் மேல் உட்காராமல் இல்லை. உட்கார்ந்தன, தின்னாமல் பறந்து போயின. மூன்று வருஷம் கழித்து, 1962இல், டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பம்பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலந்து வயலில் தெளித்துப் பார்த்தார்கள். அளவு 0.1 சதவீதம், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் பருப்பு. வெட்டுக்கிளிகள் பயிரின் மேல் வந்து இறங்கின, ஆனால் வாய் வைக்கவில்லை.

அந்தப் பருப்புக்குள் இருக்கும் எந்தப் பொருள் இதைச் செய்கிறது? 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் அதைத் தனியே பிரித்தார்கள். அவர்கள் போன வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பருப்பின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெட்டுக்கிளிக்குக் கொடுத்துப் பார்ப்பது. தின்றால் அந்தப் பகுதியைத் தள்ளிவிடலாம். தின்ன மறுத்தால் அதையே மேலும் பிரிக்கலாம். இப்படித் துரத்திக்கொண்டே போய்க் கடைசியில் பிடித்த பொருள்தான் அசாடிராக்டின். எங்கள் பாஷையில் சொன்னால், அங்கே டெஸ்ட் கேஸ் ஒரு பூச்சி.

டெஸ்ட் எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். அந்த ஒரு பூச்சி எல்லாப் பூச்சிக்கும் பிரதிநிதியா?

இல்லை. பூச்சியின் வாயைச் சுற்றி ருசி பார்க்கும் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவற்றில் சில செல்கள் சர்க்கரை பட்டால் 'தின்னு' என்று சமிக்ஞை அனுப்பும், சில செல்கள் கசப்பு பட்டால் 'நிறுத்து' என்று அனுப்பும். அசாடிராக்டின் இரண்டாவது வகையைத் தூண்டிவிடுகிறது, முதல் வகையை மந்தமாக்கவும் செய்கிறது. பாலைவன வெட்டுக்கிளியின் வாய் இதற்கு அசாத்தியக் கூர்மை கொண்டது. ஒரு துளியின் துளி போதும், தின்னாது. அதன் அமெரிக்கச் சொந்தக்காரனான மெலனோப்ளஸ் என்ற தத்துக்கிளியோ அதே பொருள் பூசிய இலையைச் சலனமே இல்லாமல் தின்னும். ஆக, வேம்பின் கீர்த்தி அதற்கு மிக அதிகமாகப் பயப்படும் பூச்சியின் சாட்சியில் எழும்பியது.

ஆனால் தின்றுவிட்ட அந்தத் தத்துக்கிளியும் தப்பிப்பதில்லை. வேம்பின் இரண்டாவது வேலை அங்கேதான் தொடங்குகிறது. 1972இல் ரஸ்கோ என்பவர் இதை எழுதினார். பூச்சியின் தோல் நம் தோல் போல உடம்போடு சேர்ந்து வளராது. சட்டை சின்னதாகிவிட்டால் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாக வேண்டும். எப்போது கழற்றுவது என்பதை மூளையில் இருந்து வரும் ஹார்மோன்தான் சொல்லும். அது நெஞ்சில் உள்ள சுரப்பியைத் தட்டும், சுரப்பி எக்டைசோனைச் சுரக்கும், தோல் உரியும். அசாடிராக்டின் உள்ளே போனால் மூளைப்பக்கம் இருந்து வரும் அந்த முதல் தட்டலே சரியாக வருவதில்லை. எக்டைசோன் குறைகிறது, அல்லது நேரம் தப்பி வருகிறது. புழு பழைய சட்டையில் பாதி கழன்ற நிலையில் மாட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் வளராமல் நாள் கணக்கில் புழுவாகவே கிடந்து சாகும்.

நாள் கணக்கில் என்பதுதான் விஷயம். அடுத்த தோலுரிப்பு வரும்வரை புழு உயிரோடுதான் இருக்கும். சித்தப்பா மறுநாள் காலையில் தேடியது செத்த புழுக்களை. அந்தக் காலையில் அதற்கு வாய்ப்பே இல்லை.

அவர் மேல் மட்டும் பழி போட முடியாது, நான் சொல்லிக் கொடுத்ததே அரைகுறை. 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இதைச் சரியாகச் சொல்லியிருந்தேன். நேரத்தைச் சொல்லவில்லை. அவர் காலை பதினொரு மணி வெயிலில் அடித்தார். அசாடிராக்டினுக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் பெரிய எதிரி, இலை மேல் ஓரிரு நாளிலேயே அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். அவர் கொல்லையில் இருந்தது புரொட்டினியா. அதன் பெரிய புழு பகலில் மண்கட்டிக்கு அடியில் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் மேலே வந்து தின்னும். புழு வரும் முன்பே மருந்து வெயிலில் அழியத் தொடங்கியிருக்கும். சாயங்காலம் அடித்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு வேறொன்று. அன்றைக்குப் புழு விரல் நீளம் இருந்தது. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. அப்போது வேம்பு அடித்தால், வளர்ச்சி முடங்குவதற்குள் இலை போய்விடும். அடிக்க வேண்டிய நாள் வேறு. இலையில் பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியல் தெரியும். அதிலிருந்து வந்த குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக உட்கார்ந்து பச்சையைச் சுரண்ட, இலை காகிதம் மாதிரி வெளிறும். அந்த இலை கண்ணில் பட்ட அன்று சாயங்காலம் அடிக்கலாம்.

கொட்டைக்கும் சித்தப்பா சிரமப்படவில்லை, பரணில் கிடந்த பழைய மூட்டையை எடுத்தார். மரத்துக்கு மரம் அசாடிராக்டின் அளவு மாறும், பூஞ்சணம் பிடித்து வைத்திருந்த கொட்டையில் குறைந்துபோகும். ஆலையில் சீராகச் செய்துவிடலாமே என்றால், மூலக்கூறு அவ்வளவு சிக்கலானது. அதன் அமைப்பைச் சரியாக வரையவே 1985 வரை ஆனது. ஆய்வகத்தில் முழுதாகச் செய்துகாட்ட ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருஷம் பிடித்தது. 2007இல் முடித்தார்கள், எழுபதுக்கும் மேற்பட்ட படிகள். இன்றைக்கும் அதை மலிவாகச் செய்யத் தெரிந்தது மரம் ஒன்றுதான்.

ஊருக்குப் போனபோது, விஷ மருந்து அடிக்கும் முன்பே எட்டுப் புழுக்களைக் கரைசல் பட்ட இலையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து, அடியில் மண் போட்டு வைத்தேன். ஐந்து ஒழுங்காகக் கூட்டுப்புழு ஆயின. இரண்டு கறுத்துச் செத்தன. ஒன்று மட்டும் தலைப்பக்கம் புழுவாகவும் வால்பக்கம் கூட்டுப்புழுவாகவும் பாதியில் நின்றுவிட்டது. அதைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எத்தனை நாளு கழிச்சு?"

"ஒம்போது நாள்."

"அதுக்குள்ள மல்லாட்டை எலை எங்கடா இருக்கும்?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் மருந்தில் இல்லை, அடிக்கும் நாளில் இருந்தது. அதை நான் அவருக்கு ஒன்பது நாள் தாமதமாகச் சொன்னேன்.