தீவக மழைச்சொற்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளில் மழையின் வகைகளைக் குறிக்க வழங்கும் சொற்கள். பெரும்பாலும் பொதுத்தமிழுக்கு உரியவை. பொருளில் சில, தீவுகளின் நிலத்துக்கேற்ப அமைந்தவை.

சங்க நூல்களில் சாரல் மலைச்சரிவைக் குறித்தது. மழைக்குப் பெயல், தளி, உறை, மாரி முதலிய பெயர்கள் இருந்தன. மலையில் படியும் மேகத்தின் நுண்மழைக்குச் சாரல் என்ற பெயர் பின்னரே ஆகிவந்தது என்பர். குற்றாலத்தில் இன்றும் இதுவே பொருள். அடுத்து வந்த நிகண்டுகள் மழைப்பெயர்களைத் தொகுத்துத் தந்தன.

சொற்பதிவு பெருகியது 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில். நல்லூரில் பணியாற்றிய பாதிரியார் யோசேப்பு நைற் அகராதிக்குச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார்; முடிக்குமுன் காலமானார். அத்தொகுப்பின் வழியில் 1842இல் மானிப்பாய் அச்சகத்தில் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. ஏறக்குறைய 58,500 சொற்கள் கொண்ட அந்நூலில் முதன்மைப் பங்கு சந்திரசேகர பண்டிதருடையது என்பாரும், லெவி ஸ்போல்டிங்குடையது என்பாரும் உளர். எஞ்சிய திரட்டு உவின்சுலோவின் 1862ஆம் ஆண்டுத் தமிழ்-ஆங்கில அகராதிக்கு உதவியது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) இவற்றை அடுத்து வந்தது.

பேச்சுவழக்கில் மிக நுண்ணியது துமி. “மழை துமிக்குது” என்றால் குடை எடுக்காமலே படலையைத் தாண்டலாம். தலைமயிரில் மட்டும் ஈரம் படியும். தூறலில் துளி தனித்தனியே தெரியும். முற்றத்து மணலில் புள்ளி விழும், ஆனால் பீலியில் நீர் ஓடாது. தூவானம் அளவைக் குறிப்பதன்று. காற்று மழையைச் சரித்து விறாந்தைக்குள் அடிப்பதே தூவானம். பெருமழையிலும் அது உண்டு. அதைத் தடுக்கவே பனையோலைத் தட்டி கட்டுவர். மலையற்ற தீவகத்தில் சாரலும் காற்றோடு சாய்ந்து வரும் மழையாகவே நிற்கிறது. சோனை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு: மலைமேகத்தின் விடாத் தூறல் என்றும் பெருமழை என்றும் இருபொருள் கூறுவர். ஆயினும் “சோனாவாரியாய்க் கொட்டுது” என்னும்போது பெருமழை என்பதில் ஐயமில்லை. நாட்கணக்கில் விடாதது அடைமழை. மாரி இங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான பருவம்.

இவ்வேறுபாடுகள் கிணற்றோடு தொடர்புடையவை. சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. துமியும் தூறலும் மேல்மண்ணிலேயே உலர்ந்துவிடும்; அடைமழையே நிலத்துள் ஊறி அப்படையைத் தடிப்பாக்கும். சோனாவாரி மழையில் நிலம் குடித்தது போக மிஞ்சியது கடலுக்கு ஓடும். மாரி பிழைத்தால் கோடையில் கிணறு உவர்க்கும்.

அண்மைக்கால வானிலை அறிக்கைகளில் “பலத்த மழைவீழ்ச்சி” போன்ற தொடர்களும் மில்லிமீற்றர்க் கணக்குமே வழங்குகின்றன. மழைமானி காட்டுவது நீரின் ஆழத்தை மட்டுமே; தூவானத்தின் திசை அதில் பதிவாவதில்லை.