முன்வைக்கும் சொல்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் புதனுக்குப் 'பிறீபோன்' செய்துள்ளோம் என்று இந்திய அலுவலகமொன்று எழுதினால், இங்கிலாந்தில் ஆங்கிலம் கற்றவர் திகைப்பார். பொருள் எளிது: கூட்டம் முந்திவிட்டது, புதனன்றே செல்லவேண்டும். 'போஸ்ற்போன்' என்பதில் வரும் இலத்தீன் 'போஸ்ற்' பின் எனவும், 'போனெரே' வைத்தல் எனவும் பொருள்படும். பின்வைப்பதற்கு எதிராக முன்வைப்பதே 'பிறீபோன்'. இதனை இந்தியரின் பிழையென ஒதுக்குவோரை நான் ஏற்பதில்லை. 1913இலேயே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதமொன்றில் ஒருவர் இதே பொருளில் இச்சொல்லை முன்மொழிந்தார். அங்கே அது வேரூன்றவில்லை, இந்தியாவில் வேரூன்றியது. ஆங்கிலேயர் 'பிறிங் போர்வேட்' என்பர். 'மூவ் போர்வேட்' என்றாலோ நாள் முந்தியதா, பிந்தியதா என்ற ஐயம் எழும். 'பிறீபோன்' அந்த ஐயத்துக்கு இடம்வைப்பதில்லை.