சீசன் தொழிலுக்கு ஓவர்டிராஃப்ட் எந்த மாதம் தேவை? கேஷ் பட்ஜெட் போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி?

பள்ளிச் சீருடை, பட்டாசு, குடை, காலண்டர்... இந்தத் தொழில்களில் விற்பனை சில மாதங்களில் குவியும். செலவோ அதற்கு முன்பே தொடங்கிவிடும். "லாபம் வருது, ஆனா கையில காசு இல்லையே" என்று முதலாளிகள் புலம்புவது இதனால்தான். இந்த இடைவெளியைச் சமாளிக்க வங்கியில் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி கேட்பார்கள். எந்த மாதம், எவ்வளவு தேவை என்று மேனேஜர் திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தருவதுதான் கேஷ் பட்ஜெட்.

ஈரோட்டில் தனியார் பள்ளிச் சீருடை தைத்து, கடைகளுக்கு சப்ளை செய்யும் சிறு யூனிட் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்தவை. ஜனவரி 1-ம் தேதி கையிருப்பு 6 லட்சம் ரூபாய்.

பில் தேதி வேறு, பணம் வரும் தேதி வேறு

கேஷ் பட்ஜெட்டில் பணம் கைக்கு வரும் மாதத்தையும், கையை விட்டுப் போகும் மாதத்தையும் மட்டும்தான் எழுத வேண்டும். பில் எப்போது போட்டோம் என்பது இங்கே கணக்கில்லை. மெஷின் தேய்மானம் லாப நஷ்டக் கணக்கில் வரும், இதில் வராது. ஏனென்றால் அதற்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணம் கட்டாயம் வர வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இந்த யூனிட்டின் விற்பனை நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் 2 லட்சம்தான். ஏப்ரலில் 6, மே மாதம் 20, ஜூனில் 24, ஜூலையில் 6, ஆகஸ்டில் 2 லட்சம். கடைக்காரர்கள் பாதிப் பணத்தைச் சரக்கு எடுக்கும் மாதமே கொடுக்கிறார்கள். மீதிப் பாதி இரண்டு மாதம் கழித்து வருகிறது. அதனால் மே மாதம் 20 லட்சத்துக்கு பில் போட்டாலும், அந்த மாதம் வருவது அதில் பாதியான 10 லட்சமும், மார்ச் பாக்கி 1 லட்சமும் மட்டுமே. மொத்தம் 11 லட்சம்.

செலவுப் பக்கம், துணி எடுத்தால் மில்லுக்கு அடுத்த மாதம் பணம் கட்ட வேண்டும். மே, ஜூனில் விற்கும் சீருடைக்கு ஜனவரியிலேயே துணி எடுக்கத் தொடங்கி, பிப்ரவரி, மார்ச்சில் அதிகமாக வாங்குகிறார்கள். அதனால் பிப்ரவரியில் 4, மார்ச்சிலும் ஏப்ரலிலும் தலா 8, மே மாதம் 6 லட்சம் மில்லுக்குப் போகிறது. தையல் கூலி வாராவாரம். அதில் கடன் சொல்ல முடியாது. மார்ச் முதல் மே வரை கூலி மட்டும் மாதம் 3 லட்சம். வாடகை, கரண்ட் பில், வீட்டுச் செலவு சேர்த்து மாதம் 1 லட்சம்.

இதையெல்லாம் சேர்த்தால் கிடைக்கும் படம் இது (லட்ச ரூபாயில்):

| மாதம் | வரவு | செலவு | மாதக் கடைசி இருப்பு |
|---|---|---|---|
| ஜனவரி | 2 | 3 | 5 |
| பிப்ரவரி | 2 | 7 | 0 |
| மார்ச் | 2 | 12 | –10 |
| ஏப்ரல் | 4 | 12 | –18 |
| மே | 11 | 10 | –17 |
| ஜூன் | 15 | 6 | –8 |
| ஜூலை | 13 | 4 | 1 |
| ஆகஸ்ட் | 13 | 3 | 11 |

ஜூலைச் செலவில் ஜிஎஸ்டி 1 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஜூன் பில்லுக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்ட வேண்டும். கடைக்காரர் தர வேண்டிய பாதி ஆகஸ்டில்தான் வரும் என்றாலும், வரிக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. மற்ற மாதங்களில் துணிக்குக் கட்டிய வரி பெரும்பாலும் கழிந்துவிடுவதால், அந்தச் சிறு தொகைகள் இங்கே விடப்பட்டுள்ளன.

மைனஸ் வரும் மாதங்கள்தான் ஓடி மாதங்கள்

மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என நான்கு மாதம் இருப்பு மைனஸில் முடிகிறது. ஜூலையில் கடன் அடைகிறது. ஆகஸ்டில் 11 லட்சம் கையில் நிற்கிறது. வங்கி முதலில் பார்ப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். வருஷம் முழுக்க மைனஸிலேயே இருந்தால் அது சீசன் பிரச்சினை இல்லை. தொழிலில் போட்ட முதல் போதவில்லை, அல்லது நஷ்டம் ஓடுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பில் போடுவதில் பரபரப்பான மே மாதத்தில் கடன் வெறும் 1 லட்சம்தான் குறைகிறது. "வியாபாரம் சூடு பிடிச்சாச்சு, இனி ஓடி எதுக்கு" என்று அப்போது நினைத்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

18 லட்சம் லிமிட் போதுமா?

அட்டவணையைப் பார்த்ததும் 18 லட்சம் கேட்கத் தோன்றும். ஆனால் அது மாதக் கடைசி நிலவரம். மே மாதத்துக்குள் என்ன நடக்கிறது என்று வாரவாரியாகப் பார்த்தால் கதை மாறும். மில்லுக்கு 6 லட்சம் 5-ம் தேதி கட்ட வேண்டும். 15-ம் தேதிக்குள் கூலி ஒன்றரை லட்சம், வாடகை முதலானவற்றுக்கு 1 லட்சம். கடைகள் சரக்கு எடுப்பதோ பெரும்பாலும் மாதத்தின் பின்பாதியில். 15-ம் தேதிக்குள் 2 லட்சம்தான் வருகிறது என்றால், அன்றைய நிலவரம் மைனஸ் 24.5 லட்சம். உண்மையான உச்சம் இதுதான். மைனஸ் வரும் மாதங்களுக்கு மட்டுமாவது வாரக் கணக்கு போட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சரி, 25 லட்சம் லிமிட் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கணக்கில் (வங்கிகள் இதைப் பெரும்பாலும் கேஷ் கிரெடிட் என்கின்றன) லிமிட் முழுவதையும் எடுக்க முடியாது. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து 'டிராயிங் பவர்' கணக்கிடுவார்கள். அதுவரைதான் எடுக்கலாம். ஏப்ரல் கடைசியில் துணியும் தைத்த சரக்கும் 27 லட்சத்துக்கு இருக்கிறது என்று வைப்போம். மில்லுக்குத் தர வேண்டிய 6 லட்சத்தைக் கழிப்பார்கள். கடைகளிடமிருந்து வர வேண்டிய 4 லட்சத்தைச் சேர்ப்பார்கள். ஆக 25 லட்சம். அதில் 25 சதவீதம் மார்ஜின் பிடித்தால் எடுக்கக்கூடியது 18.75 லட்சம். தேவையோ 24.5. இங்கேதான் செக் ரிட்டர்ன் ஆகும்.

இது ஜனவரியிலேயே தெரிந்தால் வழி இருக்கிறது. மே மாதம் கட்ட வேண்டிய 6 லட்சத்தை மட்டும் 25-ம் தேதி வாங்கிக்கொள்ளச் சொல்லி மில்லிடம் முன்கூட்டியே பேசலாம். அப்படிச் செய்தால் மே 15 நிலவரம் மைனஸ் 18.5 லட்சம். மயிரிழையில் தப்பிக்கலாம். இந்தப் பேச்சை மே 4-ம் தேதி தொடங்கினால் மில்காரர் முகம் எப்படி மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வட்டியும் தாமதமும்

ஓடி வட்டி, அன்றன்றைக்கு எடுத்திருக்கும் தொகைக்கு மட்டுமே. வட்டி 11 சதவீதம் என்று வைத்தால், இந்த உதாரணத்தில் சீசன் முழுவதற்கும் ஏறத்தாழ 50 ஆயிரம் ரூபாய் ஆகும். அதையும் செலவில் ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் ஜூலைக் கடைசி பிளஸ்ஸில்தான் முடியும், அரை லட்சத்தில்.

ஆனால் கடைக்காரர்கள் மே மாத பாக்கி 10 லட்சத்தை ஜூலையில் தராமல் ஒரு மாதம் தள்ளினால், ஜூலை இருப்பு மைனஸ் 9 லட்சத்துக்கும் மேல் போய்விடும். இது நடக்காத விஷயமும் இல்லை. 2023-ல் ஜூன் 1-ம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் வெயில் காரணமாக 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12-ல்தான் திறந்தன. பள்ளி தள்ளிப்போனால் கடை விற்பனையும் தள்ளும், பாக்கியும் தள்ளும். அதனால் இந்தத் தாமதத்தையும் வைத்து இன்னொரு அட்டவணை போட்டு, இரண்டையும் சேர்த்து வங்கியில் கொடுப்பது நல்லது. ஓடி தேவை ஜூன் வரை என்று எழுதாமல் ஆகஸ்ட் வரை என்று கேட்க அதுவே ஆதாரம்.